கடைசித் தட்டில் படிந்த கரி

காற்றுத் தூசியைப் பிடிக்கும் அவளுடைய கருவியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த அன்றே எனக்கு அதைப் பிடிக்காமல் போய்விட்டது. பார்க்க அலுமினியத்தில் செய்த ஒரு சின்ன டிபன் கேரியர் மாதிரி, அவ்வளவுதான். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பக்கத்துக் கொக்கிகளை மாட்டிவிட்டால் ஒரே கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். என் கருவியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். கூரை வைத்த கோழிக்கூண்டு மாதிரி இருக்கும். சுவிட்சைப் போட்டால் தெருக்கோடி வரை சத்தம் கேட்கும். அதைப் பார்த்து யாரும் "அட, எவ்வளவு அழகா இருக்கு" என்று சொன்னதில்லை. டிபன் கேரியரைப் பார்த்த எல்லோரும் சொன்னார்கள்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் சாலை மறியல்கள் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. சிறு நகரங்களின் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க மெட்ராஸில் ஒரு கல்லூரி திட்டம் போட்டிருந்தது. கள்ளக்குறிச்சிக்கு நான்தான் உதவியாளர். மணலூர்பேட்டைக்காரி, வேதியியல் படித்தவள், படிப்பு முடிந்த நாளிலிருந்து 'தற்காலிகம்' என்ற வார்த்தையோடு குடித்தனம் நடத்துகிறவள். ஊரிலிருந்து அம்மாவைக் கூட்டிவந்து பேருந்து நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். திட்டம் முடியும்போது மெட்ராஸ் ஆய்வகத்தில் ஒரே ஒரு நிரந்தர இடம் இருந்தது. யார் பெயரை எழுதுவது என்பது பேராசிரியர் கையில் இருந்தது. அந்த இடம் என்னுடையது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதியில் அவளை அனுப்பிவைத்தார்கள்.

மெட்ராஸ் பெண். என்னைவிட இரண்டு வயது சின்னவள். வந்த அன்றே என்னை "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். போட்டிக்கு வந்தவள் அக்கா என்று கூப்பிட்டால் அவளை எப்படித் திட்டுவது? அதற்காகவே அப்படிக் கூப்பிடுகிறாளோ என்றுகூட யோசித்தேன்.

நாற்சந்தியில் ஓர் உரக்கடையின் மொட்டை மாடியில் இரண்டு கருவிகளையும் வைத்திருந்தோம். கீழே சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஜல்லி கொட்டுவார்கள், கிரஷரில் அரைத்த கல்பொடியைக் கொட்டுவார்கள், அதன்மேல் கரும்பு லாரி ஓடும், டவுன் பஸ் ஓடும். மதியத்துக்குள் கடைப் பலகைகளில் எழுத்து மறைந்துவிடும். என் கருவி இந்தக் காற்றை வாரி வாரி இழுத்து ஒரு வெள்ளைக் கண்ணாடி நார்த்தாளின் வழியே விடும். எட்டு மணி நேரம் கழித்துத் தாளை இடுக்கியால் எடுப்பேன். கையால் தொட்டால் விரல் ஈரம்கூட எடையில் ஏறிவிடும். ஈரத்தை உறிஞ்சும் நீலச் சிலிக்கா மணிகள் போட்ட ஜாடியில் ஒரு நாள் வைத்து, பிறகு தராசில் போடுவேன். தாள் செம்பழுப்பாக, சப்பாத்தி மாதிரி இருக்கும். எடை எகிறும். அதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற சந்தோஷம் நியாயமானதா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஊர்க் காற்று கெட்டிருக்கிறது என்பதை நான் நிரூபிக்கிறேன், அதுதானே வேலை?

அவள் கருவி இழுக்கிற காற்று கொஞ்சம்தான். ஆனால் அது காற்றைச் சலிக்கும். ஒவ்வோர் அடுக்கிலும் வரிசையாகத் துளைகள், துளைகளுக்குக் கீழே ஒரு தட்டு. கீழே போகப் போகத் துளை சிறிதாகும், காற்றின் வேகம் கூடும். காற்று தட்டில் முட்டாமல் வளைந்து அடுத்த அடுக்குக்கு ஓடிவிடும். கனமான மண் தூசியால் அப்படி வளைய முடியாது. வேகமாக வந்த பஸ் திருப்பத்தில் திரும்ப முடியாமல் நேரே போய் மோதுவதுபோல மேல்தட்டிலேயே மோதி ஒட்டிக்கொள்ளும். புகைக்கரி அப்படியல்ல. காற்று வளைந்த பக்கமெல்லாம் தானும் வளைந்து, கடைசித் தட்டுகளிலும் அவற்றுக்கும் கீழே இருக்கிற வடிதாளிலும் போய் உட்காரும். தட்டைக் கழற்றிப் பார்த்தால் துளைகளுக்கு நேர் கீழே புள்ளிக் கோலம் போட்டதுபோல இருக்கும். மேலே பழுப்புப் புள்ளி, கீழே கறுப்புப் புள்ளி.

பேராசிரியர் வாரம் ஒருமுறை மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் வருவார். என் தாள்களை வரிசையாக மேசைமேல் வைத்திருப்பேன். அவர் நேரே அவள் தட்டுகளிடம் போவார். கண்ணாடியைக் கழற்றி, தட்டை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பார். "ஆகா" என்பார். என் தாளை எடுத்து எடையைக் கேட்டுவிட்டு "சரி" என்பார். ஒருவருக்கு 'ஆகா', ஒருவருக்கு 'சரி'. அந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்கும்போது என் வயிறு எரிந்தது போல வேறு எதற்கும் எரிந்ததில்லை.

கல்வராயன் மலைக்குப் போனபோதும் இதே கதைதான். சுத்தமான காற்றோடு ஒப்பிட வேண்டும் என்று இரண்டு கருவிகளையும் ஜீப்பில் ஏற்றிக் கச்சிராயபாளையம் வழியாக மேலே கொண்டுபோனோம். மின்சாரம் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையில் வைத்தோம். என் தாள் ஏறக்குறைய வெள்ளையாகவே திரும்பி வந்தது. தாளே சும்மா இருந்தால் எனக்கு அங்கே என்ன மரியாதை? அவள் கடைசித் தட்டில் மட்டும் லேசான சாம்பல் நிறம். காலையில் வீடு வீடாக விறகடுப்பு மூட்டுகிறார்கள், தினை அறுத்த சரிவில் எங்கோ காய்ந்த அடித்தண்டைக் கொளுத்துகிறார்கள், அந்தப் புகை. "மண்ணு இல்லாத ஊர்லயும் கரி இருக்கு பாருங்க சார்" என்றாள். அவர் "ஆகா" என்றார். திரும்பி வரும் வழியில் எனக்கு முன் சீட். அவர்கள் இருவரும் பின் சீட்டில் உட்கார்ந்து கோமுகி அணை வரும்வரை அந்தச் சாம்பல் நிறத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

ஒரு காலை எழுந்து பார்த்தபோது மறியலுக்காக வெட்டிச் சாய்த்த மரங்கள் சாலைகளில் கிடந்தன. சங்கராபுரம் பக்கமும் சரி, மற்ற பக்கமும் சரி, பஸ் கிடையாது. சாலை வேலை நின்றது, லாரி நின்றது, கடைகள் மூடின. அவள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கிடைக்கவில்லை. அம்மா போய்க் கையோடு கூட்டிவந்துவிட்டாள்.

"பசங்க ரோட்ட மறிச்சா பொண்ணு பட்டினி கிடக்கணுமா? நம்ம வூட்லயே இரு பாப்பா" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து முறுகலாக வருகிற தோசை அவள் தட்டுக்குப் போனது. எனக்கு ஓரம் கிழிந்தது. அம்மாவும் கட்சி மாறிவிட்டாள்.

நாற்சந்தியில் டயர்களைப் போட்டுக் கொளுத்தினார்கள். வேலைகளில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கீழே கோஷம் எழுந்துகொண்டிருந்தது. மாடியில் ஒரே ஒரு வேலைக்காக நாங்கள் இருவர் ஆளுக்கொரு சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தோம். அது அப்போதே எனக்கு உறைத்தது. ஆனால் கோஷம் போடுகிறவர்களுக்குக் கூட்டம் இருந்தது, எனக்கு நான் மட்டும்தான். உரக்கடைக்காரர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு மேலே வந்து பார்த்தார்.

"ஏம்மா, ஊரே நின்னு போச்சு, இத்த மட்டும் ஏன் ஓட்டிக்கினு இருக்கீங்க?"

"இப்பதான்ணே ஓட்டணும்" என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம். ஒரே குரலில் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

மறியல் நாட்களின் தாள்களை ஜாடியில் வைத்துத் தராசில் போட்டேன். எடை பாதிக்கும் கீழே விழுந்திருந்தது. மண்ணைக் கிளப்ப லாரி இல்லை, ஜல்லி இல்லை, எடை எங்கிருந்து வரும்? அப்போது அரசாங்க வரம்பு என்பதே மொத்தத் தூசியின் எடைதான். அந்தக் கணக்கில் பார்த்தால் டயர் எரிந்த நாட்களில் கள்ளக்குறிச்சிக் காற்று நன்றாக இருந்தது. எண் அப்படித்தான் சொன்னது. நான் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு, கண் சிவந்து, இருமிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினால் மண் தூசி பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். உள்ளே வந்தாலும் சீக்கிரம் தரையில் இறங்கிவிடும், மிச்சத்தை மூக்கு பிடித்துக்கொள்ளும். கரிக்குக் கதவிடுக்கு போதும். மூக்கையும் தாண்டி நெஞ்சுக்குள் போய்விடும்.

"காத்து சுத்தமா கீதும்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மெட்ராஸ் பெண் சமையலறை வெளிச்சத்தில் தன் கருவியின் கடைசித் தட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மை கொட்டியதுபோல இருந்தது. வடிதாளும் அப்படியே. மேல்தட்டுகள் ஏறக்குறைய சுத்தம்.

"அக்கா, உங்க எடை இறங்கிச்சா?" என்றாள்.

"இறங்கிச்சு."

"பாருங்க, எடை இறங்குது, கரி ஏறுது. ரெண்டும் வேற வேற சமாச்சாரம்க்கா."

எனக்கும் அது தெரியும். அவள் சொல்லி நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்ததே, அதுதான் எரிச்சல்.

மறியல் முடிந்து மரங்களை அகற்றினார்கள். நின்றுபோன சாலை வேலையை இரட்டை வேகத்தில் ஆரம்பித்தார்கள். கிரஷர் பொடி மேகம் மேகமாக எழும்பியது. அந்த வாரம் அவள் தட்டுகளைக் கழற்றியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். கடைசித் தட்டுகளில் புள்ளிகள் பெரிதாக இருந்தன. வடிதாளும் கனமாக இருந்தது. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"மண்ணு ஜாஸ்தியானா கரியும் ஜாஸ்தியாவுதுக்கா. லாரி நிறைய ஓடுதுல்ல, அதான்" என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தாள்.

நான் குனிந்தேன். அந்தப் புள்ளிகளின் நிறத்தைப் பார்த்தேன். கறுப்பு இல்லை. கறுப்பின்மேல் பழுப்பு. என் தாள்களில் தினமும் பார்க்கிற அதே செம்பழுப்பு. பழுப்பைப் பற்றி அந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்?

பழுப்புக்குக் கடைசித் தட்டில் என்ன வேலை? ஒரு நிமிடம்தான் யோசித்தேன், விளங்கிவிட்டது. தட்டுகளில் ஒரு விசேஷ கிரீஸை மெல்லிசாகத் தடவ வேண்டும். மோதுகிற மண் அதில்தான் ஒட்டும். அவள் கிரீஸ் மறியலுக்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது. மெட்ராஸிலிருந்து வர வேண்டியது வரவில்லை. மறியல் நாட்களில் வெறும் தட்டையே வைத்தாள், தட்டுகள் அழகாக வந்தன. வராமல் என்ன? அப்போது பெரிய மண்ணே இல்லை, கரி தானாகவே ஒட்டிக்கொள்ளும். அந்தத் தைரியத்தில் மண் பறக்கிற வாரத்திலும் வெறும் தட்டையே வைத்துவிட்டாள். காய்ந்த கல்பொடி வெறும் உலோகத்தில் மோதினால் ஒட்டுமா? துள்ளும். துள்ளித் துள்ளிக் காற்றோடு அடுத்த அடுக்கு, அதற்கடுத்த அடுக்கு என்று இறங்கிக் கரியின் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. அவள் மண்ணைக் கரி என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேராசிரியர் வர இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் எனக்குத் தீபாவளி. வீட்டில் பாட்டுகூட முணுமுணுத்தேன் என்று அம்மா சொன்னாள். அந்த சந்தோஷத்துக்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. மாதக்கணக்கில் 'சரி' கேட்டவளுக்கு இரண்டு நாள் சந்தோஷம் அதிகமா என்ன?

பேராசிரியர் வந்தார். வழக்கம்போல் அவள் தட்டிடம் போனார். அவர் 'ஆகா' சொல்ல வாயைத் திறப்பதற்குள் நான் குறுக்கே புகுந்தேன்.

"சார், இது கரி இல்ல, மண்ணு. தட்டுல கிரீஸ் போடல. மேல இருந்து துள்ளி வந்திருக்கு. மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாருங்க."

பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கி வந்த மைக்ராஸ்கோப்பை முன்கூட்டியே மேசையில் தயாராக வைத்திருந்தேன். அவர் குனிந்து பார்த்தார். கூர்கூரான, பளபளக்கிற கல்துகள்கள். அந்தத் தட்டில் இருக்கவே கூடாத அளவு பெரியவை. அவற்றுக்கு நடுவே உருவமே இல்லாத கறுப்புப் பஞ்சு மாதிரி கரி. பிறகு அவளைப் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்தாள். முகம் வெளுத்தது. நான் காத்திருந்தது அந்த வெளுப்புக்காகத்தான், அதைக் கண் நிறையப் பார்த்தேன்.

"ஆமாம் சார். அக்கா சொல்றது சரி. நான்தான் கவனிக்கல" என்றாள். சாக்குச் சொல்லவில்லை. லாரி, மறியல், பார்சல் என்று எதையும் இழுக்கவில்லை. அதனால் எனக்கு வந்த வெற்றியின் ருசி கொஞ்சம் குறைந்துபோனது.

பேராசிரியர் கிரீஸ் கொண்டுவந்திருந்தார். ஊரிலேயே தங்கினார். ஒரு நாள் கிரீஸ் தடவியும், மறுநாள் தடவாமலும் அதே மாடியில் அதே நேரத்துக்கு ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கீழே இரண்டு நாளும் ஒரே மாதிரி ஜல்லி, ஒரே மாதிரி லாரி. தட்டுகளை நானே கழற்றினேன், இடுக்கியை அவளிடம் கொடுக்கவில்லை. தடவாத நாளில் கடைசித் தட்டு பழுப்பு. தடவிய நாளில் பழுப்பு முழுக்க மேல்தட்டிலேயே நின்றுவிட்டது, கடைசித் தட்டில் சுத்தமான கறுப்பு. நான் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

பேராசிரியர் அதோடு நிற்கவில்லை. கிரீஸ் தடவிய நாளின் கறுப்பை, மறியலுக்கு முன்பு கிரீஸ் இருந்த நாட்களின் கறுப்போடு பக்கத்தில் வைத்தார். ஒரே அளவு. அந்த நாட்களின் என் தாள்களை வரிசையாக அடுக்கினார். ஒன்று சப்பாத்தி நிறம், ஒன்று வெளிறிய தோசை நிறம், எடை தாறுமாறாக ஏறி இறங்கியிருந்தது. பிறகு மறியல் நாட்களை எடுத்தார். என் எடை தரையில், அவள் கறுப்பு உச்சியில்.

"உன் தாளோட எடை ஏறுறதும் இறங்குறதும் ரோடு போடுறவங்க கையில இருக்கும்மா. கரி அதுக்குக் கட்டுப்படல, அது தனிக் கணக்கு" என்றார் என்னிடம். பிறகு அவளிடம் திரும்பி, "நீ முதல்ல சொன்னதுதான் சரி. நடுவுல நீயே குழப்பிக்கிட்ட. இப்ப சந்தேகமே இல்ல" என்றார்.

எனக்கு அங்கேயே கணக்கு விளங்கியது. மண்ணும் கரியும் சேர்ந்து ஏறுகின்றன என்ற அவள் தப்பைப் பிடித்தேன். தப்பு போனதும் மிஞ்சியது அவளுடைய பழைய பேச்சு, 'ரெண்டும் வேற வேற சமாச்சாரம்க்கா' என்பது. அதற்கு இருந்த ஒரே ஓட்டையை என் கையாலேயே அடைத்துக் கொடுத்துவிட்டேன். அதோடு என் கோழிக்கூண்டு எதைச் சொல்லாது என்பதையும் நானே நிரூபித்துவிட்டேன்.

அடுத்த மாதம் பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கேள்வி அவளுது. தப்பைப் பிடிச்சது நீ. ரெண்டும் பெரிய விஷயம்தான். ஆனா இடம் ஒண்ணுதாம்மா" என்றார். அவர் குரல் மெதுவாக இருந்தது. அவள் பெயரைத்தான் எழுதியிருந்தார். நான் "சரி சார்" என்றேன். அத்தனை மாதம் அவர் எனக்குக் கொடுத்த 'சரி'யெல்லாம் ஒன்றாகத் திரும்பிப் போனதுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ரவை டப்பாவை எடுத்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு நாளைக்கு ஊருக்குப் போவுது, கேசரி கிண்டறேன்" என்றாள். "எனக்கு வேலை கிடைக்கல, நீ கேசரி கிண்டறியா?" என்று கத்தினேன். "உனுக்கும் சேத்துதான்டி கிண்டறேன்" என்றாள். அந்தக் கேசரியை நான் தொடவில்லை. மறுநாள் தொட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

பேருந்து நிலையத்தில் அவளை ஏற்றிவிட நான்தான் போக வேண்டியிருந்தது. சாலை வேலை முடிந்து தார் போட்டிருந்தார்கள். மண் பறக்கவில்லை. பஸ்கள் மட்டும் நின்ற இடத்தில் கறுப்பாக உறுமிக்கொண்டிருந்தன. ஊர்க்காரர்கள் காற்று நல்லாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

"கோவமாக்கா?"

"கோவம்லாம் இல்ல. பொறாமை" என்றேன். மறைத்து என்ன பயன்?

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்ப ஒரு உதவி பண்ணுங்கக்கா. நான் எது எழுதினாலும் மொதல்ல உங்களுக்குத்தான் அனுப்புவேன். என்மேல இவ்ளோ கண்ணு வச்சிருக்கிறவங்க வேற யாரும் இல்ல. நீங்க பாத்துட்டா, அதுக்கு மேல தப்பு தங்காது" என்றாள். பஸ் புறப்பட்டுவிட்டது.

சொன்னபடியே அனுப்பினாள். இன்றும் அனுப்புகிறாள். இப்போது அவள் பெரிய ஆள். கரி போன்ற நுண்தூசிக்கென்றே தனி வரம்பு, தனிக் கருவி எல்லாம் வந்துவிட்டன. எனக்கும் பிறகு வேறொரு வேலை கிடைத்தது, ஓய்வும் பெற்றுவிட்டேன். அவள் அறிக்கை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தப்பாவது மாட்டாதா என்று வரி வரியாகப் படிக்கிறேன். இத்தனை வருடத்தில் இரண்டே முறை மாட்டியது. இரண்டு முறையும் திருத்திக்கொண்டு, "அக்கா, நீங்க இல்லன்னா இன்னா ஆயிருக்கும்" என்று போன் பண்ணினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.